அத்தியாயம் 6: பல்லவிக்கு ஒரு ஜன்னல், சரணத்துக்கு ஒரு பயணம்

சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற நம்மவர்கள் பலரும் பல்லவியில்தான் தொடங்குவார்கள். சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த காது அப்படித்தான் கேட்கும். முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி, இன்னொரு இடையிசை, இரண்டாம் சரணம், கடைசியாகப் பல்லவி. இசைக் காணொளி செய்யக் கற்றுத்தரும் மேல்நாட்டுப் புத்தகங்களோ வேறு வரிசையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே கதை சொல்லும் பகுதி முதலில் வரும், திரும்பத் திரும்ப வரும் பகுதி பிறகு வரும். ஆகவே முதலில் ஆளை அறிமுகம் செய், பிறகு உணர்ச்சியைத் திற என்று அவை சொல்லும்.

நம் பாட்டுக்கு அது ஒத்துவராது. யார் என்ன என்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாத நேரத்தில், பாட்டின் மிக முக்கியமான வரி முதலிலேயே வந்துவிடுகிறது. அந்த இடத்தில் என்ன படம் வைப்பது? இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. என் பதில் இது: முதல் பல்லவியில் ஒரு படத்தை விளக்கம் இல்லாமல் வையுங்கள். சரணங்கள் அந்தப் படத்துக்கு அர்த்தம் சேர்க்கட்டும். கடைசிப் பல்லவியில் அதே படத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள்.

ஒரு மாதிரிப் பாட்டு

வெறும் விதியாகச் சொன்னால் கையில் பிடிபடாது. மாதிரிக்கு ஒரு பாட்டை வைத்துக்கொள்வோம். பாட்டும் அதில் வரும் ஆட்களும் கற்பனை. ஊரும் ரயிலும் நிஜம்.

பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டி ஜீவனஹள்ளி இருக்கிறது. பக்கத்திலேயே பெங்களூரு ஈஸ்ட் ரயில் நிலையம். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளம்பி பங்காரப்பேட்டை வழியாக நகரத்துக்கு வரும் ரயில்கள் இந்தத் தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. 2001-இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் ஏராளமானோர் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவில் திரும்பிப் போகும் வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டார்கள். நம் பாட்டில் வரும் அப்பா அவர்களில் ஒருவர். பல வருடம் ஜீவனஹள்ளியை ரயிலில் கடந்தவர், ஒருநாளும் இங்கே இறங்கியதில்லை. இப்போது மகன் அதே தண்டவாளத்தை ஒட்டி ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறான். இரவு ரயில் போகும்போது அறை அதிர்கிறது. பல்லவி இவ்வளவுதான்:

போற ரயிலு சத்தத்துல
யாரு பேரு கேக்குது

பாட்டு எழுதியவர் வழக்கமாக முதலில் கேட்பது இதைத்தான்: “அண்ணா, ‘ரயிலு’ன்னு வர்ற இடத்துல கரெக்டா ரயிலைக் காட்டணும்ல?” வேண்டாம் தம்பி. காது ஏற்கெனவே ரயிலை வாங்கிக்கொண்டது. கண்ணுக்கும் அதையே கொடுத்தால் இரண்டில் ஒன்று வீண். கண்ணுக்கு, அந்த ரயில் போவதால் அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொடுக்கலாம். சொல்லுக்குச் சொல் படம் போடுவது பாலர் வகுப்புப் பாடலுக்குச் சரி. அங்கே குழந்தை சொல்லைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நொடியை விட்டு பாரைப் பிடியுங்கள்

காட்சிகளைப் பிரிக்கும்போது பலரும் பாட்டை ஓடவிட்டு, ‘0:21-இல் பல்லவி, 0:53-இல் சரணம்’ என்று நொடிக்கணக்கு எழுதுவார்கள். லைவ் வீடியோ வெட்டுவதற்கு இது போதும். அனிமேஷனுக்குப் போதாது. நீங்கள் ஒவ்வொரு ஃப்ரேமாக வரைகிறீர்கள், பாட்டோ பீட்டாகப் போகிறது. இரண்டுக்கும் பொது அளவு வேண்டும்.

பேசும் படத்தின் தொடக்கத்திலேயே இதற்கு வழி கண்டுவிட்டார்கள். 1928-இல் வெளியான ‘ஸ்டீம்போட் வில்லி’ படத்துக்கு வில்ஃப்ரெட் ஜாக்சன் என்ற இளைஞர் ஒரு மெட்ரோனோமைக் கொண்டுவந்தார். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது என்றால் ஒரு பீட்டுக்கு இத்தனை ஃப்ரேம் என்று கணக்கு விழும் அல்லவா? அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வரைந்தார்கள். இன்றும் அதே கணக்குதான். 24-ஐ 60-ஆல் பெருக்கினால் 1440. அதை உங்கள் பாட்டின் டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டுக்கான ஃப்ரேம் கிடைக்கும். டெம்போ 120 என்றால் 12 ஃப்ரேம், 96 என்றால் 15, 90 என்றால் 16, 80 என்றால் 18.

நம் மாதிரிப் பாட்டை 90-இல் வைக்கிறேன். ஒரு பீட்டுக்கு 16 ஃப்ரேம். நான்கு பீட் சேர்ந்த ஒரு பாருக்கு 64. பாட்டு மொத்தம் 72 பார். அதாவது 4608 ஃப்ரேம், 3 நிமிடம் 12 நொடி.

| பகுதி | பார் | தொடங்கும் ஃப்ரேம் |
|---|---|---|
| முன்னிசை | 1–4 | 1 |
| பல்லவி 1 | 5–12 | 257 |
| இடையிசை 1 | 13–20 | 769 |
| சரணம் 1 | 21–36 | 1281 |
| பல்லவி 2 (பாதி) | 37–40 | 2305 |
| இடையிசை 2 | 41–48 | 2561 |
| சரணம் 2 | 49–64 | 3073 |
| பல்லவி 3 | 65–72 | 4097 |

டெம்போவை ஊகிக்க வேண்டாம். பாட்டைப் பதிவு செய்தவரிடம் கேளுங்கள். அவர் கிளிக் வைத்துப் பதிவு செய்திருந்தால் எண் அவரிடம் இருக்கும். மொட்டை மாடியில் கிட்டாரை மீட்டிக்கொண்டே பாடிப் பதிவு செய்த பாட்டு என்றால் நிலையான டெம்போவே இருக்காது. அப்போது கணக்கை விட்டுவிட்டு, பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் கையால் குறி போடுவதுதான் வழி. பிளெண்டரின் டைம்லைனில் சுட்டியை வைத்து `M` தட்டினால் குறி விழும்.

டெம்போ 100 மாதிரி இருந்தால் ஒரு சிக்கல் வரும். 1440-ஐ 100-ஆல் வகுத்தால் 14.4. பீட்டுக்கு 14 என்று சுருக்கிக்கொண்டு கூட்டிக்கொண்டே போனால் முதல் பல்லவியில் பெரிதாகத் தெரியாது. 72 பார் முடிவில், அதாவது 288 பீட் ஆனபிறகு, படம் 115 ஃப்ரேம் முந்தியிருக்கும். கிட்டத்தட்ட ஐந்து நொடி. ஒவ்வொரு பீட்டையும் தனித்தனியாகச் சுருக்காமல், எப்போதும் பாட்டின் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டு இறுதியில் மட்டும் முழு எண்ணாக்கினால் பிழை அரை ஃப்ரேமுக்குள் நின்றுவிடும். பிளெண்டரில் வேலை செய்பவர்கள் ஸ்கிரிப்டிங் சாளரத்தில் இதை ஓட்டினால் மேலே உள்ள அட்டவணை முழுவதும் டைம்லைனில் குறிகளாக விழுந்துவிடும்:

```python
import bpy
s = bpy.context.scene
bpm, fps, beats = 90, 24, 4
s.render.fps = fps
parts = [("munnisai", 4), ("pallavi-1", 8),
         ("idaiyisai-1", 8), ("saranam-1", 16),
         ("pallavi-2", 4), ("idaiyisai-2", 8),
         ("saranam-2", 16), ("pallavi-3", 8)]
bar = 0
for name, n in parts:
    f = 1 + round(bar * beats * 60 * fps / bpm)
    s.timeline_markers.new(name, frame=f)
    bar += n
s.frame_end = round(bar * beats * 60 * fps / bpm)
```

`beats` என்பது ஒரு பாருக்கு எத்தனை பீட் என்று கிளிக் வைத்தீர்களோ அந்த எண். திஸ்ர நடைப் பாட்டுக்கு அது 2 ஆகவோ 3 ஆகவோ இருக்கலாம். தாளம் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பாட்டை `WAV` கோப்பாக வாங்குவது முக்கியம். `MP3` ஆக்கும்போது தொடக்கத்தில் ஒரு சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும். அது ஓரிரு ஃப்ரேம்தான், ஆனால் பாட்டு முழுக்கக் கூடவே வரும். கோப்பின் தொடக்கத்தில் பதிவின்போதே வந்த மௌனம் இருந்தால், முதல் பாரின் முதல் பீட் ஃப்ரேம் 1-இல் விழும்படி ஒலித் துண்டை நகர்த்திக்கொள்ளுங்கள். ஓடவிட்டுப் பார்க்கும்போது `Playback` பட்டியலில் `Sync to Audio` தேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி திணறும்போது படம் மெதுவாகும், பாட்டு முன்னால் போய்விடும். நீங்கள் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பல்லவியின் அறை

இப்போது படத்துக்கு வருவோம். பல்லவி மூன்று முறை வருகிறது, மொத்தம் 20 பார். பாட்டில் நாலில் ஒரு பங்குக்கு மேல். இதை ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் வைக்கிறேன்: இரவு, மகனின் அறை, ஒரு சுவர், ஆணியில் தொங்கும் ஒரு சட்டை, கீழே மேசையில் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர். ஜன்னல் படத்தில் இல்லை. ரயில் கடக்கும்போது அதன் ஜன்னல் வெளிச்சங்கள் சதுரம் சதுரமாகச் சுவரில் ஓடும். அவ்வளவுதான் காட்சி.

இந்தக் காட்சியைத் தேர்ந்ததில் கஞ்சத்தனமும் இருக்கிறது. வெளிச்சச் சதுரங்களைச் சம இடைவெளியில் வரைந்து, ஒரு பீட்டில் ஒரு இடைவெளி தூரம் மட்டும் நகரவிட்டால், 16 ஃப்ரேம் முடிந்ததும் முதல் சதுரம் நின்ற இடத்தில் அடுத்த சதுரம் வந்து நிற்கும். வட்டம் மூடிவிட்டது. ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தும் வழக்கமான முறையில் வரைந்தால் எட்டு ஓவியங்கள் போதும், பல்லவிகளுக்கெல்லாம் அதுவே ஓடும். பார்ப்பவருக்கோ ஒவ்வொரு பீட்டிலும் ஒரு வெளிச்சம் சட்டையைத் தொட்டுப் போவது தெரியும். காரணம் புரியாவிட்டாலும் படம் பாட்டோடு சேர்ந்திருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் முழுப் பல்லவி 21 நொடிக்கு மேல் ஓடும். அவ்வளவு நேரமும் வெளிச்சம் மட்டும் ஓடினால் கண் சலித்துவிடும். எனவே பல்லவிக்குள் ஒரு வருகையும் போக்கும் வேண்டும். முதல் இரண்டு பாரில் இருட்டு, டம்ளர் தண்ணீரில் மட்டும் வளையம். அடுத்த நான்கு பார் வெளிச்சம். கடைசி இரண்டு பாரில் மறுபடி இருட்டு, காற்றில் அசைந்த சட்டை மெல்ல நிலைகொள்கிறது. பாதிப் பல்லவியில் நடுவில் உள்ள நான்கு பார் மட்டும்.

சட்டைக்கு ஓர் அடையாளம் தேவை. நீலச் சட்டை, அதன் பையின் கிழிசல் மஞ்சள் நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. இந்த மஞ்சள் தையல்தான் மொத்தக் காணொளியையும் கட்டி நிறுத்தப்போகிறது என்பதால், அதைக் கைப்பேசித் திரையில் பார்த்தாலும் தெரியும் அளவுக்குப் பெரிதாக வரையுங்கள். கணினியின் பெரிய திரையில் அழகாகத் தெரியும் நுணுக்கம் கைப்பேசியில் ஒரு புள்ளியாகிவிடும். பார்ப்பவர் கவனிக்காத அடையாளத்தால் பயனில்லை.

முதல் பல்லவியில் அது யாரோ ஒருவரின் பழைய சட்டை. இரண்டாம் பல்லவியில் எதையும் மாற்றாதீர்கள். இங்கேதான் பலருக்குக் கை பரபரக்கும், நிறத்தை மாற்றலாமா, கோணத்தை மாற்றலாமா என்று. வேண்டாம். இடையில் வந்த முதல் சரணத்தில் அந்த மஞ்சள் நூல் எங்கிருந்து வந்தது என்று காட்டியிருக்கிறோம். படம் மாறவில்லை, பார்ப்பவர் மாறியிருக்கிறார். நீங்கள் படத்தையும் மாற்றினால் அவர் தன்னால் கண்டுபிடித்ததைத் தட்டிப் பறித்த மாதிரி ஆகிவிடும். மூன்றாம் பல்லவியில்தான் மாற்றம்: ஆணி வெறுமையாக இருக்கிறது. வெளிச்சச் சதுரங்கள் அதே சுவரில் ஓடுகின்றன. ஐந்தாம் பாரில் முதல்முறையாகக் கோணம் மாறுகிறது. மஞ்சள் தையல் போட்ட சட்டையோடு மகன் மாடிப்படி இறங்கி ஸ்டேஷன் பக்கம் நடக்கிறான். கடைசியில் மட்டும் வெட்டுவதால் அந்த ஒரு வெட்டுக்குப் பலம் கூடுகிறது.

சரணம்: வரிக்கு ஒரு செயல்

சரணம் 16 பார், நான்கு வரி. வரிக்கு நான்கு பார், பத்தரை நொடி சொச்சம். ஒரு வரிக்கு ஒரு செயல் என்பது என் கணக்கு. இரண்டு செயல் வைத்தால் பாட்டின் சொற்கள் காதில் ஏறாது. ஒன்றுமே இல்லாவிட்டால் பத்து நொடி நீளமாகத் தெரியும். செயல் ஒன்று, பார்வை இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம்: இரண்டு பார் தள்ளி நின்று, இரண்டு பார் கிட்டப் போய்.

முதல் வரி, பார் 21 முதல் 24. தங்கவயல் லைன் வீட்டின் அடுக்களை, விடியாத நேரம். அம்மா நீலச் சட்டையின் பையைத் தைக்கிறாள். நூல் டப்பாவில் நீல நூல் காலி, மஞ்சளை எடுக்கிறாள். கிட்டப் போன பார்வையில் விரலும் ஊசியும் மட்டும். ஊசி துணிக்குள் இறங்குவது ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் விழட்டும். எல்லா பீட்டிலும் விழுந்தால் தையல் மிஷின் ஆகிவிடும்.

இரண்டாம் வரி, பார் 25 முதல் 28. அப்பா நடக்கிறார். நடை அனிமேஷனில் பாட்டின் டெம்போ உங்களுக்கு ஒரு பரிசு தருகிறது. சாதாரண நடைக்கு ஒரு அடிக்குச் சுமார் 12 ஃப்ரேம் ஆகும். 16 என்றால் நிதானமான, கொஞ்சம் களைத்த நடை. 8 என்றால் ஓட்டத்துக்குப் பக்கம். நம் பீட் 16. ஆக, பீட்டுக்கு ஓர் அடி வைத்தால் வயதான, தூக்கம் தெளியாத நடை தானாகவே வந்துவிடும். மூன்றாம் பாரில் தூரத்தில் ரயிலின் ஹார்ன். அதன்பிறகு பீட்டுக்கு இரண்டு அடி. வேகம் சரியாக இரண்டு மடங்காவதால் ஓட்டமும் தாளத்திலேயே நிற்கும். உங்கள் பாட்டு 120-இல் இருந்தால் பீட்டுக்கு ஓர் அடி சாதாரண நடையாக விழும். களைப்பைக் காட்ட வேண்டுமானால் இரண்டு பீட்டுக்கு ஓர் அடி வையுங்கள்.

மூன்றாம் வரி, பார் 29 முதல் 32. ரயில் ஜன்னலுக்கு வெளியே சயனைடு மேடு. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், சாம்பலும் வெள்ளையும் கலந்த குன்றாக ஊருக்கு நடுவே கிடக்கிறது. இங்கே ஆளை அசைக்க வேண்டியதில்லை. மூன்று அடுக்கு போதும்: மேடு மிக மெதுவாக, அதற்கு முன்னால் வீடுகள் கொஞ்சம் வேகமாக, எல்லாவற்றுக்கும் முன்னால் மின்கம்பங்கள் பீட்டுக்கு ஒன்றாக. ஒரு நீள ஓவியத்தை நகர்த்துவதுதான் வேலை. முழுக் காணொளியிலும் குறைந்த உழைப்பில் அதிக அழகு தரும் இடம் இது.

நான்காம் வரி, பார் 33 முதல் 36. முழங்கால்களுக்கு நடுவே விரித்த துண்டின்மேல் சீட்டாட்டம். பாருக்கு ஒரு சீட்டு விழுகிறது. கடைசிப் பாரில் அப்பா சீட்டைப் போட்டுவிட்டுத் தற்செயலாக வெளியே பார்க்கிறார். விளக்கு எரியும் ஒரு மாடி ஜன்னல் கடந்து போகிறது. அவருக்கு அது ஒன்றுமில்லை. அடுத்த ஃப்ரேம் 2305, அந்த அறையின் உள்ளே இருக்கிறோம். வெட்டு எங்கே விழ வேண்டும் என்று பாட்டே சொல்லிவிட்டது. 2305-க்குப் பதில் 2303 அல்லது 2304-இல் வெட்டிப் பாருங்கள். படம் ஒலியைவிட ஓரிரு ஃப்ரேம் முன்னால் இருந்தால் கண்ணுக்கு ‘சரியாக’த் தெரியும். பின்னால் விழுந்தால் உடனே பிசகாகத் தெரியும்.

இரண்டாம் சரணம் நகரத்தில் அவர் செய்த வேலையையும் இரவுத் திரும்பலையும் சொல்லும். முறை அதேதான், நீங்களே பிரித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: முதல் சரணத்தில் வரைந்த ரயில் பெட்டியின் உட்புறம், ஜன்னல், மின்கம்ப அடுக்கு எல்லாம் இங்கே இரவு நிறத்தில் மறுபடி வரட்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல்லவி முழுக்க இரவு நீலம், தங்கவயல் முழுக்க மேட்டின் சாம்பல் வெள்ளையும் விடியல் மஞ்சளும். காலம் மாறுவதை எழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை, நிறமே பார்த்துக்கொள்ளும். இரண்டாம் சரணத்தின் இரவு, பல்லவியின் நீலத்தோடு குழம்பாமல் இருக்கத் தெருவிளக்கின் ஆரஞ்சுப் பக்கம் சாயட்டும்.

இடையிசை

பாடகர் வாய் மூடும் எட்டு பார்களை வெறும் அலங்காரமாக விட்டுவிடுபவர்கள் அதிகம். இசைக் கருவிகள் பேசும்போது பார்ப்பவரின் கண் முழுதாக உங்களுக்குக் கிடைக்கிறது. கதையில் இடமும் காலமும் தாண்டுவதை இங்கேதான் வைக்க வேண்டும். முதல் இடையிசை ஜீவனஹள்ளியிலிருந்து தண்டவாளத்தின் மேலாகப் பின்னோக்கிப் போய்த் தங்கவயலில் முடியும், நீலம் மஞ்சளாகிக்கொண்டே. இரண்டாம் இடையிசையில் ஒரே ரயில் ஜன்னல், வெளியே வருடங்கள்: மழை, வெயில், புதுக் கட்டடங்கள், உள்ளே அப்பாவின் முடி நரைக்கிறது. இரண்டு பாருக்கு ஒரு நிலை, நான்கு நிலை போதும். முன்னிசைக்கு நான் ஜீவனஹள்ளியின் மொட்டை மாடிகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் கேபிள் ஒயர்களையும் அசையாத ஒரு படமாக வைத்துவிடுவேன். அங்கே உழைப்பைக் கொட்டுவதில் பயனில்லை.

எவ்வளவு வரைய வேண்டும்

நார்வே நாட்டு ‘ஆ-ஹா’ குழுவின் ‘டேக் ஆன் மீ’ பாட்டுக்கு 1985-இல் ஸ்டீவ் பேரன் இயக்கிய காணொளி பலரும் பார்த்தது. காமிக் புத்தகத்திலிருந்து பென்சில் கோட்டுக் கை ஒன்று நீண்டு, கஃபேயில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும். நிஜப் படப்பிடிப்பின்மேல் ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்த அந்தப் பகுதிகள் சுமார் 3000 ஃப்ரேம். மைக்கேல் பேட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர் என்ற இருவர் 16 வாரம் உழைத்தார்கள். அவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள், பின்னால் பெரிய இசை நிறுவனம். 1989-இல் ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினியோடும் குழந்தைகளோடும் கார்ட்டூன் விலங்குகள் ஆடிய பாட்டுக்குப் பின்னால் ஏவிஎம் நின்றது.

நம் பாட்டு 4608 ஃப்ரேம். எல்லாவற்றையும் இரண்டு ஃப்ரேமுக்கு ஓர் ஓவியமாக வரைந்தால் 2304 ஓவியங்கள். வேலைக்குப் போய்வந்து இரவில் ஒருவர் செய்கிற காரியம் அல்ல. அதனால்தான் மேலே சொன்ன பிரிவினை. பல்லவியின் 20 பாரில் கடைசி நான்கு போக மீதி ஒரு சில வட்டங்களில் ஓடுகிறது. இடையிசைகளும் மூன்றாம் வரியும் பின்னணியை நகர்த்துவதில் தீர்ந்துவிடுகின்றன. நிஜமாகவே ஓவியம் ஓவியமாக வரைய வேண்டியது தைக்கும் விரல்கள், நடை, சீட்டுப் போடும் கை, கடைசியில் படியிறங்கும் மகன். உங்கள் பாட்டின் அட்டவணைக்குப் பக்கத்தில் ‘வட்டம்’, ‘நகர்த்தல்’, ‘வரைதல்’ என்று ஒவ்வொரு பகுதிக்கும் எழுதிப் பாருங்கள். ‘வரைதல்’ பாதிக்கு மேல் இருந்தால் காட்சிகளை மாற்றி யோசியுங்கள். இப்போதே மாற்றுவது சுலபம்.

பாடகர் வாயசைப்பை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. முகம் பாடுவதைக் காட்டினால் ஒவ்வொரு எழுத்துக்கும் வாய் வரைய வேண்டும், கதையும் நின்றுவிடும்.

வரைவதற்கு முன் ஒரு ஓட்டம்

இரண்டு பாருக்கு ஒரு கிறுக்கல் ஓவியம், மொத்தம் 36. நிறம் வேண்டாம், அசைவு வேண்டாம். குறிகளின்மேல் அடுக்கி, பாட்டோடு ஓட்டுங்கள். பாட்டைக் கேட்டிராத ஒருவரிடம் கைப்பேசியில் காட்டுங்கள், எதையும் விளக்காதீர்கள். முடிந்ததும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அந்தச் சட்டை யாருடையது? ‘அந்தப் பையனுடையது’ என்றால் தையல் கண்ணில் படவில்லை, முதல் வரியில் ஊசியைப் பெரிதாக்குங்கள். ‘அப்பாவோடது’ என்று சொல்லி, எப்போது தெரிந்தது என்பதற்கு இரண்டாம் பல்லவியைக் காட்டினால் வரையத் தொடங்கலாம். முதல் பல்லவியிலேயே தெரிந்துவிட்டது என்றால் முன்னிசையில் எங்கோ அதிகம் சொல்லியிருக்கிறீர்கள்.

இந்த ஓட்டத்தைப் புளூடூத் ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ கேட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒலி தாமதமாக வந்து, சரியான வெட்டும் பிசகாகத் தெரியும். வயர் ஹெட்ஃபோன்தான் நம்பகம். பிசகு நிஜமா என்று அறிய 65-ஆம் பாரில் நிறுத்திப் பாருங்கள். ஃப்ரேம் 4097-இல் பல்லவியின் முதல் அடி கேட்டால் கணக்கு சரி. முதல் பல்லவியில் சேர்ந்து, இங்கே விலகியிருந்தால் டெம்போ எண் தவறு. எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகியிருந்தால் தொடக்க மௌனம்தான் காரணம்.

பாட்டு வரிகளைத் திரையில் போட விரும்பினால், மென்பொருளின் எழுத்துக் கருவியில் முதலில் ‘கொ’, ‘தௌ’, ‘க்ஷ’ மூன்றையும் அடித்துப் பாருங்கள். கொம்பு தனியாக விலகி நின்றால் அந்தக் கருவி தமிழுக்கு ஆகாது. வரியை வேறு இடத்தில் எழுதி, பின்னணி இல்லாத `PNG` படமாகக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, நேரே வீடியோவாக வெளியிடாமல் `PNG` படங்களின் வரிசையாக வெளியிடுங்கள். சரணத்தில் ஒரு பிழை கண்டால் அந்த ஃப்ரேம்களை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். கடைசி ஸ்வரம் அடங்கும்வரை படமும் நிற்க வேண்டும், அதற்கு 72-ஆம் பாருக்குப் பிறகு இன்னும் இரண்டு பார், 128 ஃப்ரேம், கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு பாட்டோடு சேர்க்க இது போதும்:

```
ffmpeg -framerate 24 -start_number 1 -i %04d.png -i paattu.wav \
  -c:v libx264 -pix_fmt yuv420p -c:a aac -b:a 320k appa-rayil.mp4
```

`paattu.wav` கோப்பை நீங்கள் பிளெண்டரில் நகர்த்தி வைத்திருந்தால், அதே அளவு மௌனத்தை வெட்டிய கோப்பை இங்கே கொடுக்க வேண்டும். `yuv420p` என்ற சொல்லை விட்டுவிட்டால் சில கைப்பேசிகளில் படம் ஓடாது, பாட்டு மட்டும் கேட்கும்.